அளக்காமல் கையெழுத்து இல்லை

ஓசி ஆலோசனைக்கு என் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. அதன் பெயர் அண்ணி.

அந்த அண்ணி நான்தான். பத்தொன்பது வருஷம் ஒரு டயர் தொழிற்சாலையில் இன்ஜினியராகக் காற்று, நீராவி, தண்ணீர் மூன்றையும் கட்டி மேய்த்தேன். மேலாளர் நாற்காலி காலியானபோது, என்னைவிட எட்டு வருஷம் பின்னால் சேர்ந்தவரை அதில் உட்கார வைத்து, "நீங்க கூட இருந்து பாத்துக்கோங்க" என்றார்கள். கூட இருக்க எனக்கு மனசு வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கடைசி மாதச் சம்பளத்தில் கைப்பிடி அளவில் ஒரு கருவி வாங்கினேன். காற்றுக் குழாயில் சொருகினால் அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் நொடிக்கு ஐம்பது தடவை பதிந்து வைக்கும். சின்னத் தொழிற்சாலைகளுக்குப் போய், அளந்து, என்ன கோளாறு என்று எழுதிக் கொடுத்து, அதற்குக் கட்டணம் வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆறு மாதம் ஆகியும் ஒரு கட்டணமும் வரவில்லை.

முதலில் வந்தவன் என் கொழுந்தன். லேத் பட்டறை வைத்திருக்கிறான். வெட்டிய பாகங்கள் எல்லாம் துருப்பிடிக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புலம்பினான். காபி ஆறுவதற்குள், வெட்டும்போது ஊற்றுகிற எண்ணெயில் தண்ணீர் அதிகமாகக் கலக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, எந்த அளவில் கலக்க வேண்டும், எதை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வாயால் கொட்டிவிட்டேன். இரண்டே வாரத்தில் துரு நின்றது. ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்தான். "அண்ணி வாயைத் தொறந்தா போதும், வேலை முடிஞ்சிரும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தப் புகழை வைத்து மின்கட்டணம் கட்ட முடியவில்லை.

அவன்தான் சோப்புத்தூள் பாக்கெட் போடும் அந்தத் தொழிற்சாலைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனான். வண்டியில் போகும்போதுதான் விஷயத்தை மெல்ல அவிழ்த்தான்.

"அண்ணி, அங்க ஆலோசனையெல்லாம் ஒண்ணும் வேணாம். முதலாளி புதுசா பெரிய கம்ப்ரசர் வாங்கறாரு. பேங்க்ல கடன் ரெடி. ஒரு இன்ஜினியர் லெட்டர் குடுத்தா பணத்தை விட்டுருவாங்களாம். 'இருக்கற கம்ப்ரசர் பத்தல'ன்னு அரைப் பக்கம். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"பத்தலையா?"

"பத்தலன்னுதான் சொல்றாரு."

"நான் அதைக் கேக்கல. பத்தலையான்னு கேட்டேன்."

அவன் ஹாரன் அடித்தான். முன்னால் யாரும் இல்லை.

தொழிற்சாலை நீளமான தகரக் கூரை கட்டிடம். உள்ளே மூன்று பாக்கெட் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. மேலிருந்து தூள் விழும், பிளாஸ்டிக் உறை நிறையும், இரண்டு சூடான தாடைகள் கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் காற்றின் வேகத்தில் வந்து கவ்வி வாயை ஒட்டும். முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். அவருடைய அக்கா எதிர் மேஜையில், திரும்பி வந்த பாக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தொழிலில் பாதி பங்கு அவருடையது என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய பாக்கெட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒட்டு விட்டுப்போய், தூள் கசிந்து, மேஜையே வெள்ளையாகக் கிடந்தது.

"எட்டு மாசமா இந்தத் தலைவலி மேடம்" என்றார் முதலாளி. "தாடைக்குக் காத்து பத்தல. கம்ப்ரசர் அழுத்தத்தை ஆறரையிலிருந்து எட்டு பாருக்கு ஏத்திப் பாத்தாச்சு. அப்பவும் நூறு பாக்கெட்டுக்கு நாலஞ்சு வாய் பொளக்குது. பெரிய கடை ஒண்ணு, இன்னும் ஒரு லோடு இப்படி வந்தா ஆர்டரையே நிறுத்திருவேன்னுட்டான். கம்ப்ரசர் விக்கறவர் வந்து பாத்துட்டு, டபுள் சைஸ் வேணும்னாரு."

"அவர் எதை அளந்தாரு?"

"அளக்கறதா? அனுபவம் மேடம். பாத்தாலே தெரியும்."

கம்ப்ரசர்காரரும் அங்கேதான் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு, இந்த வாரத்துக்குள் கையெழுத்து ஆனால்தான் தள்ளுபடி என்று சிரித்துக்கொண்டே நினைவூட்டினார். பிறகு என்னைத் தனியாக வாசல் பக்கம் அழைத்து, "மேடம், லெட்டர் குடுக்கற இன்ஜினியருக்கு நாங்க எப்பவும் தனியா கவனிச்சிருவோம். கவலைப்படாதீங்க" என்றார். கவலை என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த அரைப் பக்கத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பெரிய கம்ப்ரசர் வாங்கி யாரும் செத்ததில்லை.

அப்புறம் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷம் கற்றதற்கு இவர் போடுகிற விலை, நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கான விலை. நேராக உள்ளே போய், என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்காவின் மேஜையில் வைத்தேன்.

"இது என்னோட நிபந்தனை. இன்னைக்கு ஒரு நாள் அளப்பேன். நாளைக்குக் காலைல எழுத்துல அறிக்கை. கட்டணம் கீழ இருக்கு. பாதி இப்ப, மீதி அறிக்கை கையில கிடைச்சதும். எந்த இயந்திரம் விக்கறவர்கிட்டயும் நான் ஒரு பைசா வாங்க மாட்டேன். இப்ப வாசல்ல ஒருத்தர் குடுக்கறேன்னாரு, அதனால இந்த வரியை சத்தமா படிக்கறேன்."

கம்ப்ரசர்காரர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார். கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "மேடம், நான் கேட்டது லெட்டரு. அளக்கச் சொல்லல. உங்க கொழுந்தன், எங்க அண்ணி சும்மாவே பாத்துச் சொல்லுவாங்கன்னாரு. லெட்டருக்குத் தர்றேன். நீங்க போட்டிருக்கறதைவிட டபுளாவே தர்றேன். அளக்கறதுக்கு எதுக்குக் காசு?"

"அளக்கறதுக்குத்தான் காசு. கையெழுத்துக்கு இல்ல. அளந்த பிறகு, பத்தலன்னு வந்தா அதே லெட்டரை எழுதித் தர்றேன், தனியா ஒண்ணும் வேணாம்."

"பத்தும்னு வந்தா?"

"அதையும் எழுதுவேன்."

அவர் எழுந்து போயிருப்பார். அக்காதான் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். மேஜைமேல் கிடந்த பாக்கெட் ஒன்றைத் தட்டினார். தூள் பறந்து எனக்குத் தும்மல் வந்தது. "எட்டு மாசமா பாத்தவங்களை நம்பியாச்சு. ஒரு நாள் அளக்கறவங்களை நம்புவோம்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டு, பாதிக் கட்டணத்தை என் கணக்குக்கு அனுப்பினார். என் போன் மெல்ல அதிர்ந்தது. அதை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இனி ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், என் தப்பு. பணம் வந்த உற்சாகத்தில் குழாய் வரிசையோடு நடந்தேன். மூலைக்கு மூலை 'உஸ்' என்று காற்று கசிகிற சத்தம். எட்டுக்கு ஏற்றிய அழுத்தத்தில் ஓட்டைகள் எல்லாம் பாட்டுப் பாடின. முதல் இயந்திரத்தை ஓட்டுகிற மெஷின்காரம்மா, "என்ன மேடம் தெரியுது?" என்று கேட்டார். எல்லோர் காதிலும் விழும்படி, "லீக்குதான். பாதிக் காத்து இதுலயே போகுது" என்று சொல்லிவிட்டேன். கொழுந்தன் வீட்டுக் காபிப் பழக்கம். வாய் இன்னும் ஓசியிலேயே இருந்தது.

மதியம் எல்லா இயந்திரமும் நின்று ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டேன். யாரும் காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில், அது எவ்வளவு நேரம் காற்றை அடைக்கிறது, எவ்வளவு நேரம் சும்மா சுற்றுகிறது என்று பார்த்தால் கசிவின் அளவு தெரிந்துவிடும். நாற்பது நொடி அடைத்தது. இருநூற்று அறுபது நொடி சும்மா சுற்றியது. மூன்று தடவை பார்த்தேன், அதே கணக்குதான். கசிவு பதிமூன்று சதவீதம். அடைக்க வேண்டிய கசிவுதான், ஆனால் பாதி இல்லை. பாக்கெட் வாய் பிளப்பதற்கு அது காரணமே இல்லை. காலையில் நான் சொன்னது சுத்தப் பொய்யாகிவிட்டது.

வேலை மறுபடி தொடங்கியதும் அரை மணி நேரம் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றேன். பத்தொன்பது நிமிஷம் உழைத்தது, பதினொன்று சும்மா சுற்றியது. அதன் திரையிலும் அதேதான் எழுதியிருந்தது: ஓடிய மணி ஒன்பதாயிரத்துச் சொச்சம், காற்று அடைத்த மணி ஆறாயிரத்துக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு நேரம் காலை நீட்டிப் படுத்திருக்கும் கம்ப்ரசரைப் பத்தாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திரையை அழுத்திப் பார்க்க ஒரு விரல் போதும். எட்டு மாதத்தில் ஒரு விரலும் அழுத்தவில்லை.

அப்படியானால் தாடைக்குக் காற்று ஏன் போகவில்லை? என் கருவியை முதல் இயந்திரத்துக்குப் பக்கத்துக் குழாயில் சொருகிவிட்டு, மெஷின்காரம்மாவோடு நின்று பாக்கெட்டுகளைப் பார்த்தேன்.

"எப்பல்லாம் பொளக்குது?"

"அது இஷ்டத்துக்குப் பொளக்கும் மேடம். சில நேரம் அடுத்தடுத்து ரெண்டு. சில நேரம் ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இருக்காது. இந்த 'டப்' சத்தம் வர்றப்ப போச்சுன்னு நானே சொல்லுவேன். சிரிப்பாங்க."

"என்ன டப் சத்தம்?"

"வெளிய, சுவத்துக்கு அந்தப் பக்கம். கேளுங்க."

கேட்டேன். டப். பன்னிரண்டு நொடி கழித்து மறுபடி, டப். பின்சுவருக்கு வெளியே போய்ப் பார்த்தால், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு டஸ்ட் கலெக்டர். சோப்புத்தூசியை உறிஞ்சித் துணிப்பைகளில் பிடிக்கும் பெட்டி. பைகளில் ஒட்டிய தூசியை உதிர்க்க, பன்னிரண்டு நொடிக்கு ஒரு தடவை காற்றை ஒரே மூச்சில் அடிக்கிறது. அந்த ஒரு மூச்சுக்குள் ஏகப்பட்ட காற்று போய்விடும். அதற்கான குழாயை, பொருத்தியவன் சோம்பேறித்தனமாகப் பாக்கெட் இயந்திரங்களுக்குப் போகிற அதே மெலிந்த குழாயின் கடைசியில் இணைத்துவிட்டிருந்தான்.

"இது எப்ப வந்துச்சு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"எட்டு மாசம் ஆச்சு" என்றவர், சொன்ன வார்த்தையைத் தானே கேட்டு நிறுத்தினார்.

கருவியில் பதிந்ததைப் பார்த்தோம். அழுத்தம் ஏழுக்கு மேல் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். டப். நாலரைக்குக் கீழே விழும். ஒரு நொடிக்குள் எழுந்துவிடும். கம்ப்ரசர் அறையில் மாட்டிய அழுத்தமானியின் முள்ளுக்கு இந்த விழுதல் எட்டவே எட்டாது, அங்கே எப்போதும் சாதுவாக நிற்கும். தாடைக்கோ குறைந்தது ஐந்து வேண்டும். தாடை கவ்வுகிற நொடியும் டப்பும் ஒன்றாக வந்தால் பாக்கெட் வாய் பிளக்கும், இல்லாவிட்டால் பிளக்காது. இதைத்தான் இஷ்டத்துக்குப் பொளக்குது என்று எட்டு மாதம் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கையை அன்று மாலையே எழுதினேன். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் ஆறு மாதமாக ஒன்றும் சொல்லாமல் தனிச் சம்பளத்தில் வண்டியை ஓட்டுகிறார்.

"தம்பி போன் பண்ணான். லெட்டர் எழுதிக் குடுத்திருந்தா டபுள் பணமாம்" என்றார்.

"ஆமா."

"மீதி தருவாங்களா?"

"தெரியாது."

அவர் குனிந்து நான் எழுதியதைப் படித்தார். "சரி, மூணாவது வரியில எழுத்துப் பிழை இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிழையைத் திருத்தினேன்.

மறுநாள் காலை முதலாளி அறிக்கையின் முதல் பக்கத்தைப் படித்ததும் மேஜையில் போட்டார். "இதை வெச்சு பேங்க்ல என்ன பண்றது? நேத்து காலைல எல்லார் முன்னாடியும் லீக்குன்னீங்க. இன்னைக்கு டஸ்ட் கலெக்டர்ங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

கம்ப்ரசர்காரர் அன்றும் வந்திருந்தார். அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"நேத்து காலைல சொன்னது ஓசி" என்றேன். "ஓசியில சொல்றதுக்கு அவ்வளவுதான் தரம், உங்களுக்கு டபுள் சைஸ் கம்ப்ரசர் வேணும்னு இவர் சொன்ன மாதிரி. இது அளந்தது. லீக்குன்னு நான் நெனச்சது தப்புன்னு ரெண்டாம் பக்கத்துல நானே எழுதியிருக்கேன். பாருங்க."

"தப்புன்னு எழுதறதுக்கா பணம் குடுத்தோம்?"

"ஆமா. அந்தத் தப்பை நம்பி நீங்க செலவு பண்ணாம இருக்கறதுக்கு."

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் தொடர்ந்தேன். "என்னை நம்ப வேணாம். டஸ்ட் கலெக்டருக்குப் போற காத்தை இருபது நிமிஷம் வால்வுல மூடுங்க. அந்த நேரத்துக்குள்ள பை ஒண்ணும் அடைச்சிராது. மூணு மெஷினையும் ஓட்டுங்க. ஒரு பாக்கெட் பொளந்தாலும் மீதிக் கட்டணம் வேணாம், வாங்கினதையும் திருப்பித் தர்றேன்."

சொன்ன பிறகுதான், பின்னால் நின்ற கொழுந்தன் இருமியது கேட்டது. கட்டணம் போனால் பதினாறு நாளில் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

அக்கா எழுந்து போய்த் தன் கையாலேயே வால்வை மூடினார். டப் சத்தம் நின்றது. மெஷின்காரம்மா ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துக் கூடையில் போட்டார். ஐந்து நிமிஷம். பத்து. முதலாளியும் பக்கத்தில் வந்து நின்று தானும் அமுக்க ஆரம்பித்தார். ஒன்றைப் பலமாகப் பிதுக்கினார். பாவம், அவர் கை வலித்ததுதான் மிச்சம். இருபதாவது நிமிஷம் மூன்று கூடையும் நிறைந்திருந்தன. ஒன்றுகூடப் பிளக்கவில்லை.

"தொறங்க" என்றேன்.

அக்கா வால்வைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டப் என்றது. ஏழாவது டப்பில் மெஷின்காரம்மாவின் கையில் ஒரு பாக்கெட் வாயைப் பிளந்து, முதலாளியின் சட்டை, மூன்று பேனா, எல்லாவற்றிலும் சோப்புத்தூள் கொட்டியது. மெஷின்காரம்மா முதலாளியைப் பார்த்து, "நான் எட்டு மாசமா சொல்றேன், யாரு கேக்கறாங்க" என்றார்.

கம்ப்ரசர்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தார்.

முதலாளி சட்டையைத் தட்டினார். தட்டத் தட்ட வெள்ளை பரவியது. "இதுக்கு என்ன பண்ணணும்?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நாலாம் பக்கம். டஸ்ட் கலெக்டர் பக்கத்துல அதுக்குன்னு ஒரு சின்ன டேங்க். அதுக்குக் காத்து மெதுவா நெறையற மாதிரி ஒரு வால்வு. தாடைக்குப் போற குழாயில காத்து பின்னால ஓடாம ஒருவழி வால்வு. அப்புறம் அழுத்தத்தை ஆறரைக்கு இறக்குங்க. எட்டுல ஓட்டறதுக்குப் பத்துல ஒரு பங்கு கரண்டை எட்டு மாசமா தண்டமா கட்டியிருக்கீங்க. புதுக் கம்ப்ரசர் விலையில இது பத்துல ஒண்ணுகூட வராது."

அக்கா மீதிக் கட்டணத்தை அங்கேயே அனுப்பினார். இந்த முறை போனை எடுத்துப் பார்த்தேன், எல்லோர் முன்னாலும்.

"பேங்க்ல கடனைக் கொறைக்கணும்னா அதுக்கும் ஒரு இன்ஜினியர் லெட்டர் கேப்பாங்களே மேடம்" என்றார் முதலாளி. "நீங்களே ஒண்ணு..."

"அளந்தாச்சு. எழுதித் தர்றேன். கையெழுத்துக்குக் காசு இல்லன்னு நேத்தே சொன்னேனே."

திரும்பி வரும்போதும் கொழுந்தன்தான் வண்டி ஓட்டினான். பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமினான்.

"அண்ணி, நம்ம பட்டறையிலயும் காத்து சரியா வரல. அந்தக் கருவியை எடுத்துட்டு சும்மா ஒரு எட்டு வந்தீங்கன்னா..."

பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, அவன் எதிரே, வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அவன் ஓரக்கண்ணால் படித்தான். கட்டணம் இருந்த வரிக்கு வந்ததும் வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது.

"நமக்குள்ள எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"எண்ணெய்க்குச் சொன்னது நமக்குள்ள. பிஸ்கட்டு வந்துச்சு, சரியாப் போச்சு. இது எனக்கும் உன் பட்டறைக்கும்."

"கொழுந்தனுக்குத் தள்ளுபடி கிடையாதா?"

"உண்டு. உனக்கு முழுப் பணமும் முன்னாடியே கட்டற சலுகை."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, "பேனா இருக்கா அண்ணி?" என்று கேட்டான்.